இரு தேதிகளுக்கு இடைப்பட்ட வேலை நாட்களைக் கணக்கிடுதல்

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் நூறடிச் சாலையை ஒட்டிய லேத்துப் பட்டறைகள் வாரத்தில் ஆறு நாள் இயங்குகின்றன. அருகிலுள்ள கணினி மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் ஐந்து நாள் இயங்குகின்றன. இரு தரப்பும் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை சில வாரங்களில் ஐந்து நாளும் சில வாரங்களில் ஆறு நாளும் திறந்திருக்கிறது. ஒரே பகுதியில் இத்தனை நாட்காட்டிகள் நடப்பில் இருப்பதால், ஒரு கொள்முதல் ஆணையில் எழுதப்படும் "12 வேலை நாட்களுக்குள்" என்ற சொற்கள், அதை எழுதியவருக்கு ஒரு தேதியையும் பெற்றவருக்கு வேறொரு தேதியையும் குறிக்கக்கூடும். வார விடுமுறைகளையும் பண்டிகை விடுமுறைகளையும் நீக்கி வேலை நாட்களை எண்ணும் முறையை, 2025ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விடுமுறைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த அத்தியாயம் விளக்குகிறது.

1. எண்ணுவதற்கு முன் தீர்க்க வேண்டியவை

வேலை நாள் என்பது ஒரு குறிப்பிட்ட அலுவலகம் அல்லது தொழிலகம் தன் வழக்கமான பணிக்காகத் திறந்திருக்கும் நாள். நாட்காட்டி நாள் என்பது ஞாயிறும் பண்டிகையும் உட்பட எல்லா நாட்களையும் குறிக்கும். ஓர் ஆவணத்தில் "நாட்கள்" என்று மட்டும் இருந்தால் அது பொதுவாக நாட்காட்டி நாளையே குறிக்கும் என்பதால், எண்ணத் தொடங்குமுன் எந்த வகை நாள் கேட்கப்படுகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டாமல் பணம் தர வேண்டும் என்கிறது. அவை நாட்காட்டி நாட்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தருவதற்குரிய 30 நாட்களும் அவ்வாறே. இவற்றை வேலை நாட்களாக எண்ணும் கணக்காளர், கெடுவை ஏறத்தாழ இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ தவறாக நீட்டிவிடுகிறார்.

கேட்கப்படுவது வேலை நாள்தான் என்று உறுதியானபின், எண்ணிக்கையில் எந்த முனைகள் சேரும் என்பதைத் தீர்க்க வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை நாள் வேலை நடந்தது என்று சம்பளத்துக்காக எண்ணும்போது தொடக்க நாளும் முடிவு நாளும் இரண்டுமே சேரும். ஒரு நிகழ்விலிருந்து இத்தனை நாளுக்குள் என்று கெடு வைக்கும்போது, நிகழ்வு நடந்த நாள் சேராது. அடுத்த நாளே முதல் நாள். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு நாளிலிருந்து என்று தொடங்கும் காலத்தில் அந்த நாளை விலக்க வேண்டும் என்றும், ஒரு நாள்வரை என்று முடியும் காலத்தில் அந்த நாளைச் சேர்க்க வேண்டும் என்றும் மத்தியச் சட்டங்களுக்குப் பொது விதி தருகிறது. அதன் 10ஆம் பிரிவு, நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய செயலின் கடைசி நாளில் அந்த இடம் மூடியிருந்தால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்வது போதும் என்கிறது. தனியார் ஒப்பந்தங்களில் இதற்கு மாறாகவும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் எதுவும் எழுதப்படாதபோது நிகழ்வு நாளை விலக்குவதே பாதுகாப்பான வழக்கம்.

மூன்றாவதாகத் தீர்க்க வேண்டியது, எண்ணப்படுவது யாருடைய வேலை நாள் என்பது. கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. ஆகவே இதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

2. ஒரே ஊரில் மூன்று நாட்காட்டிகள்

தமிழ்நாடு அரசு ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய பொது விடுமுறைப் பட்டியலை முந்தைய ஆண்டிலேயே அரசாணையாக வெளியிடுகிறது. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படும் விடுமுறைகள் வங்கிகளுக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியர்கள் கோயில் திருவிழாக்களுக்காக அறிவிக்கும் உள்ளூர் விடுமுறைகளின் செய்திக்குறிப்பில், இது செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பொது விடுமுறை அல்ல என்ற வரி தவறாமல் இடம்பெறுவது இதனால்தான். அந்த வரி இருக்கும் விடுமுறையை வங்கியின் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இதற்கு நேர்மாறான நாளும் பட்டியலில் உண்டு: ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக அறிவிக்கப்படுவது, அதை வங்கியின் பட்டியலில் சேர்க்க வேண்டும், பட்டறையின் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

அரசு அலுவலகத்துக்குச் சனியும் ஞாயிறும் வார விடுமுறை. வங்கிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளோடு, 2015 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை. முதல், மூன்றாம், ஐந்தாம் சனிக்கிழமைகள் முழு வேலை நாட்கள். பட்டறையின் விடுமுறைகளுக்கு அடிப்படை வேறொரு சட்டம். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றோடு வேறு ஐந்து நாட்களும் தொழிலாளர்களுக்கு விடுமுறை. அந்த ஐந்து நாட்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எந்திரம் வைத்திருக்கும் பட்டறை ஆயுத பூஜையை விடாது. ஆனால் தைப்பூசத்துக்கோ மகாவீரர் ஜெயந்திக்கோ அங்கே வேலை நடக்கலாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 2025 ஆகஸ்ட் நல்ல சான்று. அந்த மாதம் வெள்ளிக்கிழமையில் தொடங்கியதால் அதில் ஐந்து சனிகளும் ஐந்து ஞாயிறுகளும் இருந்தன. அரசுப் பட்டியலில் 15ஆம் தேதி வெள்ளி சுதந்திர தினமாகவும், 16 சனி கிருஷ்ண ஜெயந்தியாகவும், 27 புதன் விநாயகர் சதுர்த்தியாகவும் இடம்பெற்றன. அரசு அலுவலகத்தின் கணக்கில் 31 நாட்களிலிருந்து சனி, ஞாயிறுகள் பத்தும் நீங்க 21. அதிலிருந்து 15, 27 ஆகிய இரு நாட்கள் மட்டுமே கழியும், 16ஆம் தேதி ஏற்கெனவே வார விடுமுறையில் நீங்கிவிட்டது. ஆக 19 வேலை நாட்கள். வங்கியின் கணக்கில் ஐந்து ஞாயிறுகளும், 9, 23 ஆகிய இரண்டாம், நான்காம் சனிகளும் நீங்க 24. கிருஷ்ண ஜெயந்தி மூன்றாம் சனியில், அதாவது வங்கி திறந்திருக்க வேண்டிய நாளில் வந்ததால் மூன்று பண்டிகைகளுமே கழிந்து 21 ஆகும். ஞாயிறு மட்டும் விடுமுறை விட்டு, விநாயகர் சதுர்த்தியைத் தன் ஐந்து நாட்களில் ஒன்றாக வைத்திருக்கும் பட்டறைக்கு 24 வேலை நாட்கள். ஒரே தெருவில் ஒரே மாதத்துக்கு 19, 21, 24 என மூன்று விடைகள் வருகின்றன; மூன்றும் சரியானவை.

3. கையால் எண்ணும் முறை

கணினியின் விடையைச் சரிபார்க்கத் தெரிய வேண்டுமானால் கையால் எண்ணும் முறை முதலில் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் தொடங்கினாலும் தொடர்ந்த ஏழு நாட்களில் ஒவ்வொரு கிழமையும் ஒரே முறை வரும் என்பதே இதன் அடிப்படை. ஆகவே மொத்த நாட்களை ஏழால் வகுத்து, கிடைக்கும் முழு வாரங்களை வாரத்தின் வேலை நாட்களால் பெருக்கி, மீதியாக நிற்கும் சில நாட்களை மட்டும் கிழமை பார்த்து எண்ணிச் சேர்த்து, கடைசியாக வேலைக் கிழமைகளில் விழுந்த பண்டிகைகளை மட்டும் கழித்தால் விடை கிடைக்கும்.

2025 ஜனவரி 6, திங்கள் முதல் ஜனவரி 31, வெள்ளி வரை ஓர் அரசு அலுவலகத்தின் வேலை நாட்கள் எத்தனை என்று காணலாம். இரு முனைகளும் சேரும் எனக் கொண்டால், 31இலிருந்து 6ஐக் கழித்து ஒன்றைக் கூட்ட மொத்தம் 26 நாட்கள். இந்த ஒன்றைக் கூட்ட மறப்பதுதான் கையால் எண்ணுவோரின் மிகப் பொதுவான பிழை. கழித்தல் இரு தேதிகளுக்கு இடையிலான தூரத்தைத் தருமேயன்றி நாட்களின் எண்ணிக்கையைத் தராது. 26 நாட்கள் என்பது மூன்று முழு வாரங்களும் ஐந்து நாட்களும் ஆகும். மூன்று வாரங்களுக்குப் பதினைந்து வேலை நாட்கள், மீதி ஐந்து நாட்கள் 27 முதல் 31 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை அமைவதால் ஐந்தும் வேலை நாட்கள், ஆக 20. இந்த இடைவெளியில் அரசின் ஆண்டுப் பட்டியல்படி 14 பொங்கல், 15 திருவள்ளுவர் தினம், 16 உழவர் திருநாள், 26 குடியரசு தினம் ஆகியவை உள்ளன. குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதைக் கழிக்கக் கூடாது. மற்ற மூன்றும் கழிய, விடை 17.

ஒரே தேதியில் இரண்டு விடுமுறைகள் வரும்போதும் இதே கவனம் தேவை. 2025 அக்டோபர் 2 வியாழனன்று விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்ததால் அரசுப் பட்டியலில் அந்தத் தேதி இருமுறை அச்சாகியிருந்தது. பட்டியலின் வரிகளை எண்ணிக் கழிப்பவர் அங்கே ஒரு நாளை இழந்துவிடுவார். கழிக்க வேண்டியது விடுமுறைகளின் பெயர்களை அல்ல, வேலைக் கிழமைகளில் விழுந்த வெவ்வேறு தேதிகளை.

4. பட்டியலுக்குப் பின் வரும் மாற்றங்கள்

மேற்கண்ட 17 என்ற விடை ஆண்டுப் பட்டியலை மட்டும் நம்பிப் பெற்றது. உண்மையில் தமிழ்நாடு அரசு, பொங்கலையொட்டி 2025 ஜனவரி 17 வெள்ளியையும் விடுமுறையாக அறிவித்து, அதை ஈடுசெய்ய ஜனவரி 25 சனியைப் பணி நாளாக ஆக்கியது. முந்தைய ஆண்டிலும் தீபாவளிக்கு மறுநாளான நவம்பர் 1 வெள்ளிக்கு விடுமுறை விட்டு, நவம்பர் 9 சனியைப் பணி நாளாக்கியது. ஆகவே இத்தகைய இடமாற்றத்தை அரிதான விலக்கு என்று ஒதுக்கிவிடாமல், கணக்கில் அதற்கென ஓர் இடம் வைத்திருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தைச் சேர்த்தால் ஜனவரி 6 முதல் 31 வரையிலான கணக்கில் ஒரு நாள் குறைந்து ஒரு நாள் கூடுகிறது. விடை மறுபடியும் 17தான். இதனால் மாற்றத்தைக் கவனிக்காதவரின் கணக்கும் மாத இறுதியில் சரியாகவே தோன்றும். முடிவு நாளை ஜனவரி 24 என வைத்துப் பார்த்தால் பிழை வெளிப்படும். பழைய பட்டியல்படி 12 வேலை நாட்கள் வரும். 17ஆம் தேதியை விடுமுறையாகக் கொண்டால் 11தான். இடமாற்றத்தின் இரு நாட்களும் இடைவெளிக்குள் விழுந்தால் பிழை தன்னையே மறைத்துக்கொள்கிறது, ஒன்று மட்டும் விழுந்தால் வெளியே வருகிறது. எனவே மாத மொத்தம் சரியாக இருப்பதை மட்டும் கொண்டு விடுமுறைப் பட்டியல் சரி என்று முடிவுசெய்யலாகாது.

இடத்தைப் பொறுத்த விடுமுறைகளும் உண்டு. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள நிறுவனம் அந்த நாளைக் கழிக்க வேண்டும். அதன் கோயம்புத்தூர்க் கிளை கழிக்கக் கூடாது. ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாதுன் நபி ஆகியவை பிறை தென்படுவதைப் பொறுத்தவை என்பதால் ஆண்டுப் பட்டியலில் உள்ள தேதி ஒரு நாள் நகரக்கூடும். இந்த நாட்களைப் பட்டியலில் தனியாகக் குறித்து வைத்து, அவை நெருங்கும்போது அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

5. விரிதாளில் எண்ணுதல்

விரிதாள் என்பது எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற கட்டங்களிட்ட கணக்குத் தாள். இவை மூன்றிலும் வேலை நாட்களை எண்ண `NETWORKDAYS` என்ற செயற்கூறு உண்டு. செயற்கூறு என்பது தேவையான மதிப்புகளைக் கொடுத்தால் ஒரு விடையைத் திருப்பித் தரும் ஆயத்தக் கட்டளை. A2 கட்டத்தில் தொடக்க நாளும், B2 கட்டத்தில் முடிவு நாளும், E நிரலில் விடுமுறைத் தேதிகளும் இருந்தால் பின்வருமாறு எழுதலாம்.

```
=NETWORKDAYS(A2,B2,$E$2:$E$90)
```

இது இரு முனைகளையும் சேர்த்து எண்ணும். சனி, ஞாயிறுகளைத் தானாகவே நீக்கும். விடுமுறைப் பட்டியலில் சனி, ஞாயிறில் விழுந்த தேதிகளை மறுபடி கழிக்காது. ஆறு நாள் வாரத்துக்கு இது உதவாது என்பதால், வார விடுமுறையைக் குறிப்பிடும் வசதியுள்ள `NETWORKDAYS.INTL` என்ற செயற்கூறு எக்செல்லின் 2010 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதில் மூன்றாவதாகத் தரும் எண் 1 என்றால் சனியும் ஞாயிறும் விடுமுறை. 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. எண்ணுக்குப் பதிலாகத் திங்களில் தொடங்கும் ஏழு இலக்கங்களையும் தரலாம். `"0000001"` என்றால் ஏழாவது கிழமையான ஞாயிறு மட்டும் விடுமுறை என்று பொருள்.

இந்தச் செயற்கூறுகளால் வங்கியின் இரண்டாம், நான்காம் சனிகளையும், அரசு அலுவலகத்தின் ஈடுசெய் சனியையும் நேரடியாகக் கையாள முடியாது. ஒரு கிழமையை முழுவதுமாக விடுமுறை என்றோ முழுவதுமாக வேலை என்றோ சொல்லத்தான் அவற்றில் இடம் உண்டு. இதற்குச் சிறந்த தீர்வு, மூன்று நாட்காட்டிகளுக்கும் ஞாயிற்றை மட்டும் வார விடுமுறையாக வைத்துக்கொண்டு, விடுமுறையான சனிகளைப் பண்டிகைகளோடு சேர்த்துத் தேதி தேதியாகப் பட்டியலில் எழுதிவிடுவது. அரசு அலுவலகத்தின் பட்டியல் E நிரலிலும், வங்கியின் பட்டியல் F நிரலிலும், பட்டறையின் பட்டியல் G நிரலிலும் இருக்கட்டும். 2025இன் முதல் சனி ஜனவரி 4. E2இல் அந்தத் தேதியை இட்டு, E3இல் `=E2+7` என எழுதிக் கீழே இழுத்தால் டிசம்பர் 27 வரை 52 சனிகள் கிடைக்கும். அதன்பின் நிரல் முழுவதையும் நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிட வேண்டும். இல்லையெனில் ஒரு வரியை நீக்கியவுடன் அதற்குக் கீழுள்ள தேதிகள் எல்லாம் பிழையாகும். மதிப்புகளாக மாற்றியபின் ஜனவரி 25ஐ நீக்கி, ஜனவரி 14 முதல் 17 வரையிலான நாட்களையும் மற்றப் பண்டிகைகளையும் கீழே சேர்த்தால் அரசு அலுவலகத்தின் பட்டியல் முழுமை பெறும்.

```
=NETWORKDAYS.INTL(A2,B2,11,$E$2:$E$90)
```

ஜனவரி 6, 31 ஆகிய தேதிகளை இதில் இட்டால், 26 நாட்களில் 12, 19, 26 ஆகிய ஞாயிறுகள் நீங்கி 23, பட்டியலில் உள்ள 11, 18 ஆகிய சனிகள் நீங்கி 21, பொங்கலின் நான்கு நாட்களும் நீங்கி 17 என விடை வரும். வங்கியின் பட்டியலுக்கு, ஒரு சனியின் தேதி 8 முதல் 14 வரை இருந்தால் அது இரண்டாம் சனி, 22 முதல் 28 வரை இருந்தால் நான்காம் சனி என்ற விதியைக் கொண்டு 52 சனிகளிலிருந்து உரியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறே வேலை நாளாகும் சந்தர்ப்பமும் உண்டு: 2024 மார்ச் 31 ஞாயிறாக இருந்தும், நிதியாண்டின் கடைசி நாள் என்பதால் அரசுப் பரிவர்த்தனைகளைக் கையாளும் வங்கிக் கிளைகளைத் திறந்து வைக்குமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. அத்தகைய ஆண்டுக்கு `"0000000"` என்று தந்து, ஞாயிறுகளையும் பட்டியலிலேயே எழுதிக்கொண்டால் எந்த ஒரு நாளையும் தனியே திறக்கவோ மூடவோ முடியும்.

பைத்தான் மொழியில் எழுதுவோர் நம்பை தொகுப்பின் `busday_count` என்ற செயற்கூற்றைப் பயன்படுத்துவது வழக்கம். அது முடிவு நாளைச் சேர்க்காது என்பதே விரிதாளுக்கும் அதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு. ஆகவே ஜனவரி 31 வரை எண்ண வேண்டுமானால் முடிவாகப் பிப்ரவரி 1ஐத் தர வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரே தேதிகளை இரண்டிலும் இட்டால், முடிவு நாள் வேலை நாளாக இருக்கும்போதெல்லாம் விடைகள் ஒன்றால் வேறுபடும்.

6. கெடு நாளைக் கண்டுபிடித்தல்: ஒரு கொள்முதல் ஆணை

இதுவரை இரு தேதிகளும் தெரிந்திருந்தன. நடைமுறையில் தொடக்க நாளும் நாட்களின் எண்ணிக்கையும் தெரிந்து, கெடு நாள் தெரியாமல் இருப்பதே அதிகம். ஓர் அரசு அலுவலகம் 2025 ஜனவரி 10, வெள்ளியன்று ஒரு பட்டறைக்குக் கொள்முதல் ஆணை தந்து, 12 வேலை நாட்களுக்குள் பொருளை ஒப்படைக்கச் சொல்கிறது என்று கொள்ளலாம். ஆணை பெற்ற நாளை விலக்கி அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பட்டறை தன் ஐந்து பண்டிகை நாட்களில் இரண்டைப் பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும், அதாவது 14, 15 ஆகிய தேதிகளுக்கும், மற்ற மூன்றை விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி ஆகியவற்றுக்கும் ஒதுக்கியிருக்கிறது.

பட்டறையின் நாட்காட்டியில் முதல் நாள் 11 சனி, இரண்டாம் நாள் 13 திங்கள். பொங்கலுக்குப் பின் 16, 17, 18 ஆகியவை மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்கள். 20 முதல் 25 வரையிலான ஆறு நாட்களோடு எண்ணிக்கை 11 ஆகிறது, 26 ஞாயிறு, பன்னிரண்டாம் நாள் 27 திங்கள். அரசு அலுவலகத்தின் நாட்காட்டியில் முதல் நாளே 13 திங்கள். அதன்பின் 14 முதல் 19 வரை விடுமுறை. 20 முதல் 24 வரை ஐந்து நாட்கள் சேர்ந்து ஆறு. ஈடுசெய் சனியான 25 ஏழாம் நாள். 27 முதல் 31 வரை மீதி ஐந்தும் சேர, கெடு ஜனவரி 31 வெள்ளி. இருவர் கணக்கிலும் பிழை இல்லை. ஆயினும் இடையே நான்கு நாட்காட்டி நாட்கள் வேறுபாடு. ஆணை பெற்ற நாளையும் முதல் நாளாகச் சேர்த்துவிட்டால் பட்டறையின் கெடு ஜனவரி 25ஆக இன்னும் முன்னால் வரும்.

விரிதாளில் கெடு நாளைத் தருவது `WORKDAY.INTL`. அதில் தொடக்க நாள், நாட்களின் எண்ணிக்கை, வார விடுமுறை, பட்டியல் ஆகிய நான்கையும் தர வேண்டும்.

```
=WORKDAY.INTL(DATE(2025,1,10),12,11,$G$2:$G$90)
=WORKDAY.INTL(DATE(2025,1,10),12,11,$E$2:$E$90)
```

முதல் வரி ஜனவரி 27ஐயும், இரண்டாம் வரி ஜனவரி 31ஐயும் தரும். விடை 45684 போன்ற ஓர் எண்ணாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: `WORKDAY.INTL` தொடக்க நாளை எண்ணாது, `NETWORKDAYS.INTL` எண்ணும். ஆகவே ஜனவரி 10 முதல் 27 வரை எத்தனை வேலை நாட்கள் என்று பின்னதைக் கேட்டால் பட்டறைக்கு 12க்குப் பதில் 13 வரும். இது செயற்கூறுகளின் பிழையன்று. ஒன்று கெடுவையும் மற்றொன்று வேலை நடந்த நாட்களையும் கணிக்க ஏற்பட்டவை; முன்பு சொன்ன முனைகள் பற்றிய விதியே இங்கும் செயல்படுகிறது.

7. விடையைச் சரிபார்த்தல்

மேற்கண்ட நுட்பத்தையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். கெடு நாளைக் கண்டபின், தொடக்க நாளுக்கு அடுத்த நாள் முதல் கெடு நாள் வரை `NETWORKDAYS.INTL` கொண்டு எண்ணினால், கொடுத்த எண்ணிக்கையே திரும்ப வர வேண்டும். பட்டறையின் கணக்கில் ஜனவரி 11 முதல் 27 வரை 12 வரும். வராவிட்டால் இரண்டு வாய்ப்பாடுகளிலும் ஒரே பட்டியலும் ஒரே வார விடுமுறை எண்ணும் தரப்படவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனை வாய்ப்பாட்டின் பிழையைக் காட்டுமேயன்றிப் பட்டியலின் பிழையைக் காட்டாது. பட்டியலைச் சோதிக்க, ஒரே தேதியைத் தொடக்கமாகவும் முடிவாகவும் இட்டுப் பார்க்க வேண்டும்: விடுமுறை நாளுக்கு 0, வேலை நாளுக்கு 1 வரும். அரசு அலுவலகத்தின் பட்டியலில் ஜனவரி 17க்கு 0, ஜனவரி 25க்கு 1, ஜனவரி 18க்கு 0 வந்தால் பொங்கல் மாற்றம் சரியாக ஏறியிருக்கிறது. பட்டியலில் அறிவிப்பால் மாறிய ஒவ்வொரு தேதியையும் இப்படி ஒருமுறை சோதித்துவிடுவது சில நிமிட வேலைதான்.

தேதி உண்மையில் தேதியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 06/01/2025 என்று தட்டச்சு செய்தது ஜனவரி 6 ஆகாமல் ஜூன் 1 ஆகிவிடும். 14/01/2025 என்பதற்குப் பதினான்காம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஒரே பட்டியலில் சில தேதிகள் கட்டத்தின் வலப்புறமும் சில இடப்புறமும் ஒட்டி நிற்பது இதன் அடையாளம். `=ISNUMBER(E2)` என்று பக்கத்து நிரலில் எழுதிக் கீழே இழுத்தால், எழுத்தாக நிற்கும் தேதிகளுக்கு FALSE வரும். தட்டச்சில் `DATE(2025,1,14)` என்ற வடிவத்தையோ 2025-01-14 என்ற வரிசையையோ பின்பற்றினால் நாளும் மாதமும் இடம் மாறும் குழப்பம் எழாது.

எளிதில் கண்ணில் படாத பிழை ஆண்டு இறுதியில் நேர்கிறது. டிசம்பர் 22ஆம் தேதி தொடங்கி 20 வேலை நாட்கள் எண்ணும்போது கெடு அடுத்த ஆண்டின் ஜனவரியில் விழும். பட்டியலில் நடப்பு ஆண்டு மட்டும் இருந்தால், வாய்ப்பாடு எந்த எச்சரிக்கையும் தராமல் புத்தாண்டையும் பொங்கலையும் வேலை நாட்களாக எண்ணிவிடும். சனிகளைப் பட்டியலில் எழுதும் முறையைப் பின்பற்றுவோருக்கு அடுத்த ஆண்டின் சனிகளும் வேலை நாட்களாகிவிடும். இதைத் தடுக்க, பட்டியலின் கடைசித் தேதி கெடு நாளுக்குப் பின்னால் இருக்கிறதா என்று ஒப்பிடும் ஒரு வரியைத் தாளிலேயே வைத்துவிடலாம். H2இல் கெடு நாள் இருந்தால் பின்வரும் வரி போதும்.

```
=IF(MAX($E$2:$E$90)>=H2,"சரி","பட்டியல் போதாது")
```

கடைசியாக, கணக்கிடப்பட்ட எண்ணிக்கையை மட்டும் ஆணையில் எழுதுவது போதாது. கொள்முதல் ஆணையில், "வேலை நாட்கள் வாங்குபவரின் நாட்காட்டிப்படி எண்ணப்படும், ஆணை பெற்ற நாள் சேராது, அதன்படி கெடு நாள் 31-01-2025, ஆணைக்குப்பின் அறிவிக்கப்படும் அரசு விடுமுறை ஒவ்வொன்றுக்கும் கெடு ஒரு வேலை நாள் நீளும்" என்று நான்கையும் எழுத வேண்டும். நாட்காட்டி யாருடையது என்பதும், முனைகள் எப்படிச் சேரும் என்பதும், இறுதித் தேதியும், பின்னால் வரும் மாற்றத்துக்கான விதியும் ஆவணத்திலேயே இருந்தால், பட்டறையும் அலுவலகமும் தனித்தனியே எண்ணினாலும் ஒரே நாளில் வந்து முடியும்.